கணினியில் அதிரும் கம்பி: காலப்படி எவ்வளவு நீளலாம்?

கிடார் கம்பியைச் சுண்டிவிட்டால் அது எப்படி அதிர்கிறது என்று கணினியில் பார்க்க, இருபது வரிப் பைத்தான் நிரல் போதும். அந்த நிரலில் C என்று ஓர் எண் வரும். அதற்கு 1.0 என்று கொடுத்தால் கம்பி அழகாக அதிர்ந்து, உரிய நேரத்தில் சுண்டிய வடிவத்துக்கே திரும்பி வருகிறது. அதே எண்ணை 1.1 என்று மாற்றிப் பாருங்கள். பத்தாவது படியில் கம்பி சில சென்டிமீட்டர் உயரமுள்ள ரம்பப் பற்களாக உடைந்திருக்கும். இருபதாவது படியில் அந்தப் பற்கள் நூறு மீட்டரைத் தாண்டியிருக்கும். எண்ணூறு படிகளைச் சற்றுக் கடந்ததும் கணினியால் எழுதவே முடியாத பெரிய எண்கள் வந்து, திரையில் `inf`, `nan` என்று நிற்கும். இரண்டு ஓட்டத்திலும் சமன்பாடு ஒன்றுதான். நிரலில் எழுத்துப் பிழையும் இல்லை. பத்து விழுக்காடு நீண்ட காலப்படி மட்டும் ஏன் இப்படிச் செய்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் சமன்பாடு. இழுத்துக் கட்டிய கம்பியின் அசைவைக் கணிதமாக எழுதியவர் பிரெஞ்சு அறிஞர் தலம்பேர், ஆண்டு 1747. கம்பியின் ஓர் இடத்தில், ஒரு நேரத்தில் உள்ள விலகலை u என்போம். சமன்பாடு சொல்வது இதுதான்: ஓர் இடத்தில் கம்பிக்கு உள்ள முடுக்கம், அந்த இடத்தில் கம்பி எவ்வளவு வளைந்திருக்கிறதோ அதற்கு நேர் விகிதத்தில் இருக்கும். அந்த விகிதம் c², அதாவது அலையின் வேகத்தின் வர்க்கம். கம்பி மேல்நோக்கிப் புடைத்திருந்தால் கீழே இழுக்கப்படும். கீழ்நோக்கிக் குழிந்திருந்தால் மேலே இழுக்கப்படும். நேராக இருந்தால் எந்த விசையும் இல்லை. கம்பியின் எல்லா இசையும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்குகிறது.

கணினிக்குத் தொடர்ச்சியான கம்பி தெரியாது. ஆகவே கம்பியைச் சம தூரப் புள்ளிகளாகவும், நேரத்தைச் சம அளவுப் படிகளாகவும் வெட்டிக்கொள்கிறோம். பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் dx. ஒரு படியின் நீளம் dt. பிறகு வகைக்கெழு வரும் இடமெல்லாம் பக்கத்து எண்களின் வேறுபாட்டை வைக்கிறோம். முடிவுறு வேறுபாட்டு முறை என்பது இவ்வளவுதான். ஒரு புள்ளியின் வளைவை அறிய அதன் இடப்பக்க எண்ணையும் வலப்பக்க எண்ணையும் கூட்டி, தன் எண்ணின் இரு மடங்கைக் கழித்து, dx²-ஆல் வகுக்க வேண்டும். புள்ளி தன் இரு அண்டையின் சராசரிக்குக் கீழே இருந்தால் விடை நேர்மமாகவும், மேலே இருந்தால் எதிர்மமாகவும் வரும். முடுக்கத்துக்கும் அதே கணக்குதான். இட வல அண்டைக்குப் பதிலாக முந்தைய படியும் அடுத்த படியும் வரும். இரண்டையும் சமன்பாட்டில் போட்டு, அடுத்த படியின் மதிப்பை ஒருபக்கம் ஒதுக்கினால் கிடைப்பது:

```
u_new[i] = 2*u[i] - u_old[i] + C**2 * (u[i+1] - 2*u[i] + u[i-1])
```

இதில் C = c·dt/dx. இதற்குக் கூரண்ட் எண் என்று பெயர். dt நேரத்தில் உண்மையான அலை எத்தனை கட்டங்கள் நகரும் என்பதே அதன் பொருள். C = 0.5 என்றால் ஒரு படியில் அலை அரைக் கட்டம் போகும்; C = 1 என்றால் சரியாக ஒரு கட்டம். இந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

இனி உண்மையான ஒரு கம்பியை எடுப்போம். கிடாரின் ஐந்தாவது கம்பி நொடிக்கு 110 முறை அதிர்வது. அதிரும் நீளம் 65 சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒரு முழு அதிர்வில் அலை கம்பியின் நீளத்தைப் போய்த் திரும்புகிறது; அதாவது 1.3 மீட்டர். நொடிக்கு 110 தடவை என்றால் வேகம் நொடிக்கு 143 மீட்டர். கம்பியை 65 கட்டங்களாக வெட்டினால் dx ஒரு சென்டிமீட்டர். C = 1 ஆக இருக்க dt என்பது 0.01/143 நொடி, ஏறத்தாழ 70 மைக்ரோ நொடி. ஒரு முழு அதிர்வுக்கு 130 படிகள். கம்பியை ஒரு முனையிலிருந்து 13 சென்டிமீட்டர் தள்ளி, 3 மில்லிமீட்டர் உயர்த்திச் சுண்டுகிறோம். தொடக்க வடிவம் 13-ஆம் புள்ளியில் முனை வைத்த முக்கோணம்.

```python
import numpy as np

L, f, N = 0.65, 110.0, 65
c = 2 * L * f
dx = L / N
C = 1.0
dt = C * dx / c

x = np.linspace(0, L, N + 1)
h = 0.003
u_old = np.where(x <= 0.13, h * x / 0.13, h * (L - x) / 0.52)

u = u_old.copy()
u[1:-1] += 0.5 * C**2 * (u_old[2:] - 2*u_old[1:-1] + u_old[:-2])
u_new = np.zeros_like(u)

for n in range(1, 130):
    u_new[1:-1] = (2*u[1:-1] - u_old[1:-1]
                   + C**2 * (u[2:] - 2*u[1:-1] + u[:-2]))
    u_old, u, u_new = u, u_new, u_old
```

இரண்டு இடங்களுக்கு விளக்கம் வேண்டும். முதல் படியில் மட்டும் 0.5 வருவதற்குக் காரணம், அப்போது நமக்கு முந்தைய படி என்று ஒன்று இல்லை. கம்பியை உயர்த்திப் பிடித்து விடுகிறோம். விடும் கணத்தில் வேகம் சுழியம். அந்தச் செய்தியைச் சமன்பாட்டில் சேர்த்தால் முதல் படிக்கு வளைவின் பாதி மட்டும் போதும் என்று வருகிறது. இரண்டாவது, `1:-1` என்ற துண்டு. அது இரு முனைப் புள்ளிகளையும் தொடாமல் விடுகிறது. கம்பியின் முனைகள் கட்டப்பட்டிருப்பதால் அங்கே u எப்போதும் சுழியம்.

இதை ஓட்டிப் படம் வரைந்தால், முக்கோணத்தின் முனை இரண்டாகப் பிரிந்து இடமும் வலமும் ஓடுவதைக் காணலாம். நடுவில் நேரான ஒரு துண்டு விரிந்துகொண்டே போகும். 65-ஆவது படியில் கம்பி தலைகீழாகி, முனை 52 சென்டிமீட்டரில் கோட்டுக்குக் கீழே 3 மில்லிமீட்டர் ஆழத்தில் நிற்கும். 130-ஆவது படியில் தொடங்கிய வடிவமே திரும்பிவிடும். கூர்மை கொஞ்சமும் மழுங்கியிருக்காது. சுண்டிய கம்பி அதிர்வது நாம் நினைப்பது போல வில்லாக மேலும் கீழும் போவதால் அல்ல, இப்படி முனைகள் ஓடுவதால்தான் என்பதை முதல்முறை திரையில் காண்பவர்களுக்கு அது பெரிய மகிழ்ச்சி.

இப்போது C-யை 1.1 ஆக்கி, முதல் இரண்டு படிகளைக் கையால் போட்டுப் பார்ப்போம். தொடக்கத்தில் 12, 13, 14-ஆம் புள்ளிகளின் உயரங்கள் மில்லிமீட்டரில் 2.769, 3.000, 2.942. முதல் படியில் முனைப் புள்ளி மட்டும்தான் நகரும், ஏனென்றால் மற்ற இடங்களில் கம்பி நேராக இருக்கிறது. C = 1 என்றால் அது 2.856-க்கு இறங்கும். அது இரு அண்டைகளின் சரியான சராசரி. கம்பி அந்த இடத்தில் நேராகிவிட்டது. C = 1.1 என்றால் 2.825-க்கு இறங்குகிறது. சராசரியைக் கடந்து 0.03 மில்லிமீட்டர் கீழே போய்விட்டது. கண்ணுக்கே தெரியாத ஒரு சிறு பள்ளம். அடுத்த படியில் 11 முதல் 15 வரையான புள்ளிகள் 2.538, 2.558, 2.724, 2.731, 2.885 என்று வருகின்றன. அடுத்தடுத்த ஏற்றங்களைப் பாருங்கள்: 0.02, 0.17, 0.01, 0.15. நேர்க்கோடாக ஏற வேண்டிய கம்பி ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் தயங்கித் தயங்கி ஏறுகிறது. ரம்பம் தோன்றிவிட்டது.

இது ஏன் அடங்காமல் வளர்கிறது? இதற்கு விடை சொல்ல முழுக் கம்பி தேவையில்லை. மிக மோசமான ஒரே வடிவத்தை எடுத்துக்கொண்டால் போதும்: +a, −a, +a, −a என்று புள்ளிக்குப் புள்ளி மாறும் ரம்பம். ஒரு புள்ளி +a என்றால் அதன் இரு அண்டைகளும் −a. ஆகவே வளைவுக் கணக்கு −a − 2a − a = −4a. இதைச் சூத்திரத்தில் வைத்தால் அடுத்த உயரம் (2 − 4C²) பெருக்கல் இப்போதைய உயரம், கழித்தல் முந்தைய உயரம். மீதியெல்லாம் பள்ளிக் கணக்கு.

C = 0.5 என்றால் 2 − 4C² என்பது 1. உயரம் 1-இல் தொடங்கினால் அடுத்து 0.5, −0.5, −1, −0.5, 0.5, மறுபடி 1. ஆறு படிக்கு ஒருமுறை வட்டம் சுற்றி வருகிறது. ஒருபோதும் 1-ஐத் தாண்டுவதில்லை. C = 1 என்றால் 1, −1, 1, −1 என்று புரண்டுகொண்டே இருக்கிறது; இதுவும் வளரவில்லை. C = 1.1 என்றால் 2 − 4C² என்பது −2.84. உயரங்கள் 1, −1.42, 3.03, −7.19, 17.4, −42.2 என்று போகின்றன. ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய 2.43 மடங்கு. பத்துப் படிகளில் இது ஆயிரக்கணக்கான மடங்கு ஆகிறது. முக்கோண முனையில் ஒளிந்திருந்த சிறு ரம்பக்கூறு கம்பியையே விழுங்குவதற்கு அதற்குமேல் வேண்டியதில்லை.

எல்லை எங்கே என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. 2 − 4C² என்பது −2-க்குக் கீழே போனால் வளர்ச்சி தொடங்கும். அதாவது C ஒன்றைத் தாண்டினால். ரம்பத்தைவிட அகலமான அலைவடிவங்களுக்கு வளைவு குறைவு என்பதால் அவை அவ்வளவு எளிதில் வெடிப்பதில்லை. ரம்பம் பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். இப்படி ஒவ்வோர் அலைவடிவத்தையும் தனித்தனியே எடுத்து அது வளர்கிறதா என்று சோதிக்கும் முறை 1940-களில் ஜான் ஃபான் நாய்மனிடமிருந்து வந்தது. அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது.

ஆனால் எல்லையைக் கண்டவர்கள் அவருக்கு முந்தியவர்கள். 1928-இல் ரிச்சர்ட் கூரண்ட், குர்ட் ஃப்ரீட்ரிக்ஸ், ஹன்ஸ் லேவி ஆகிய மூவர், கணித இயற்பியலின் வேறுபாட்டுச் சமன்பாடுகளைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மின்னணுக் கணினி என்ற ஒன்றே அப்போது கிடையாது. அவர்கள் அலையை எண்களால் கணக்கிட்டுப் பார்க்கவும் முனையவில்லை. இத்தகைய சமன்பாடுகளுக்குத் தீர்வு உண்டு என்று நிறுவுவதற்காகவே, கட்டங்களாக வெட்டி, கட்டத்தைச் சுருக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தார்கள். அந்த வழியில் அவர்கள் கண்ட தடைதான் இன்று மூவர் பெயரின் முதலெழுத்துகளால் `CFL` நிபந்தனை எனப்படுகிறது. அவர்கள் தந்த விளக்கம் ரம்பக் கணக்கைவிட ஆழமானது. எனக்குப் பிடித்ததும் அதுவே.

நம் சூத்திரத்தை மறுபடி பாருங்கள். ஒரு படியில் ஒரு புள்ளிக்குச் செய்தி வருவது இடமும் வலமும் உள்ள ஓர் அண்டையிடமிருந்து மட்டும். ஐம்பது படிகள் கழித்து ஒரு புள்ளியில் நிற்கும் எண், தொடக்கத்தில் ஐம்பது கட்டங்களுக்குள் இருந்த புள்ளிகளை மட்டுமே அறியும். C = 1.1 என்றால் அதே நேரத்தில் உண்மையான அலை 55 கட்டங்கள் கடந்து வந்துவிடுகிறது. இப்போது தொடக்கத்தில் 53 கட்டங்கள் தள்ளிக் கம்பியை லேசாக மாற்றி வைத்ததாக எண்ணுவோம். உண்மையான கம்பியில் அந்த மாற்றம் ஐம்பதாவது படிக்குள் நம் புள்ளிக்கு வந்து சேர்ந்துவிட்டது. கணினியின் எண்ணோ மாறவே மாறாது, ஏனென்றால் அந்த இடத்தைப் பற்றிய செய்தியே அதற்கு எட்டவில்லை. இரண்டு வெவ்வேறு கம்பிகளுக்கு ஒரே விடை தரும் கணக்கு சரியாக இருக்கவே முடியாது. கட்டத்தை எவ்வளவு பொடியாக்கினாலும், C மாறாமல் 1.1 ஆகவே இருந்தால், இந்தக் குறை அப்படியே இருக்கும். ஆகவே ஒரு படிக்குள் அலை ஒரு கட்டத்துக்கு மேல் போகக் கூடாது. dt ≤ dx/c என்பது இதைத்தான் சொல்கிறது.

நடைமுறையில் பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். படம் கொஞ்சம் கட்டம்கட்டமாகத் தெரிகிறது என்று புள்ளிகளை இரட்டிப்பாக்குவார்கள். Dt-யைத் தனி எண்ணாக முன்பே எழுதி வைத்திருப்பதால் அதை மறந்துவிடுவார்கள். நம் கம்பியில் dx அரைச் சென்டிமீட்டர் ஆகி, dt 70 மைக்ரோ நொடியாகவே நின்றால் C இரண்டாகிவிடும். அப்போது 2 − 4C² என்பது −14. ரம்பம் படிக்குப் படி ஏறக்குறைய பதினான்கு மடங்கு வளரும். துல்லியத்தைக் கூட்டுவதற்காகச் செய்த மாற்றம் கணக்கையே அழித்துவிடுகிறது. கட்டத்தைப் பாதியாக்கினால் படியையும் பாதியாக்க வேண்டும் என்பதால், ஒரே கம்பிக்கு வேலை இரு மடங்கல்ல, நான்கு மடங்கு. முப்பரிமாண வெளியில் இதே சுத்திகரிப்பு பதினாறு மடங்கு வேலை கேட்கும்.

எல்லையைக் கொஞ்சமாக மீறினால் ஆபத்து இன்னும் நயவஞ்சகமானது. C = 1.01 என்றால் ரம்பம் படிக்குச் சுமார் 1.3 மடங்குதான் வளர்கிறது. முதல் பத்துப் படிகளில் படம் சரியாகவே தெரியும். முப்பது படிகள் அளவில்தான் பற்கள் மில்லிமீட்டர்களாகத் தலைகாட்டும். குறுகிய ஓட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு நிரல் சரி என்று முடிவு செய்பவர் ஏமாந்துபோவார். எனவே ஒவ்வொரு பத்துப் படிக்கும் `np.abs(u).max()` மதிப்பை அச்சிட்டுப் பார்ப்பது நல்லது. வெறுமனே விட்ட கம்பி, தொடக்கத்தில் இருந்த 3 மில்லிமீட்டரைக் குறிப்பிடத்தக்க அளவு தாண்டுவதற்குக் காரணமே இல்லை.

அந்த அச்சு இன்னொரு வகையிலும் உதவும். எல்லா வெடிப்பும் காலப்படியால் வருவதல்ல. நிரலின் கடைசி வரியைக் கவனியுங்கள்: மூன்று அணிகளும் ஒரே வரியில் இடம் மாறுகின்றன. அதற்குப் பதிலாகச் சிலர் `u_old = u` என்றும், அடுத்த வரியில் `u = u_new` என்றும் எழுதுவார்கள். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் `numpy` அணியை இப்படி எழுதினால் நகல் எடுக்கப்படுவதில்லை. இரண்டு பெயர்களும் ஒரே நினைவகத்தைக் காட்டத் தொடங்குகின்றன. அடுத்த சுற்றில் `u_new`-இல் எழுதுவது `u`-வின் மேலேயே எழுதப்படுகிறது. அதன் பிறகு `u_old`, `u`, `u_new` மூன்றும் ஒன்றே. முந்தைய படியின் நினைவு போய்விட்டதால் கம்பிக்கு வேகம் என்பதே இல்லாமல் போகிறது. சமன்பாடு அலைச் சமன்பாடாக இல்லாமல் வெப்பம் பரவும் சமன்பாடாக மாறிவிடுகிறது. C = 1 என்ற சரியான எண்ணிலும் அது வெடிக்கும்!

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? அடுத்தடுத்த உச்ச மதிப்புகளின் விகிதத்தைப் பாருங்கள். C = 1.1 என்ற காலப்படிக் கோளாறு என்றால் அது 2.43-ஐ நெருங்கும். நினைவகக் கோளாறு என்றால், அங்கே ரம்பத்தின் பெருக்கம் 1 − 4C² என்பதால், C = 1 என்ற நிலையில் விகிதம் ஏறக்குறைய 3 வரும். இன்னும் எளிய சோதனை, C-யை 0.5 ஆகக் குறைப்பது. காலப்படிதான் குற்றவாளி என்றால் கம்பி உடனே ஒழுங்காக அதிரத் தொடங்கும். நினைவகக் கோளாறு என்றால் வெடிப்பு நின்றுவிடும், ஆனால் கம்பி அதிராது. சூடான கம்பி ஆறுவது போலச் சத்தமில்லாமல் தணிந்து நேராகிவிடும். அதைக் கண்டு, கம்பி இயல்பாக ஓய்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. நம் சமன்பாட்டில் உராய்வே கிடையாது.

சரி, C ஒன்றைத் தாண்டக் கூடாது. அப்படியானால் மிகச் சிறியதாக வைத்துக்கொண்டால் விடை இன்னும் துல்லியமாக வருமா? பெரும்பாலோர் அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள். இந்தச் சமன்பாட்டில் நடப்பது நேர்மாறு. C = 1 என்னும்போது கணக்கின் அலையும் உண்மையான அலையும் ஒரே வேகத்தில் ஒரு படிக்கு ஒரு கட்டம் ஓடுகின்றன. இடத்தை வெட்டியதால் வந்த பிழையும் நேரத்தை வெட்டியதால் வந்த பிழையும் ஒன்றையொன்று முழுவதுமாகக் கழித்துக்கொள்கின்றன. புள்ளிகளில் கிடைக்கும் விடை தோராயமே அல்ல. எண்களை வட்டமாக்கும் பிழையைத் தவிர்த்தால் அது மிகச் சரியான விடை. C-யைக் குறைத்தால் இந்தச் சமநிலை கெடுகிறது. நேரத்தின் பிழை சுருங்குகிறது, இடத்தின் பிழை அப்படியே நிற்கிறது, கழிப்பதற்கு ஆளில்லை.

அதன் விளைவு காதால் கேட்கக்கூடியது. C = 0.5 என்று ஓட்டினால் கம்பியின் அடிப்படைச் சுரம் 110-க்குப் பதிலாக 109.99 அதிர்வுகளாக வரும். யாருக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் இருபதாவது மேற்சுரம் 2200-க்குப் பதிலாகச் சுமார் 2135 அதிர்வுகளில் நிற்கும். மூன்று விழுக்காடு இறக்கம் என்பது பக்கத்துப் பக்கத்து இரண்டு கட்டைகளுக்கு இடையே உள்ள தூரத்தில் ஏறத்தாழ பாதி. பொடியான அலைகள் பின்தங்குவதால் ஓடும் முனைகளுக்குப் பின்னால் சிற்றலைகள் வால்போல் நீள்கின்றன. இவை வளர்வதில்லை, கணக்கை வெடிக்க வைப்பதுமில்லை. ரம்பத்தையும் இவற்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரம்பம் புள்ளிக்குப் புள்ளி குறி மாறிப் பெருத்துக்கொண்டே போகும்; சிற்றலைகள் பல புள்ளிகள் அகலம் கொண்டவை, அளவு மாறாமல் முனையின் பின்னால் வருபவை. இவற்றைக் குறைக்க dt-யை மட்டும் குறைத்துப் பயனில்லை. Dx-ஐயும் சேர்த்துக் குறைக்க வேண்டும்.

C = 1 என்ற இந்த வசதி, கம்பி முழுவதும் ஒரே வேகம் இருக்கும்வரைதான். வேகம் இடத்துக்கு இடம் மாறினால் எல்லா இடத்திலும் C ஒன்றாக இருக்க முடியாது. கடலில் போகும் ஆழிப்பேரலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் வேகம் ஆழத்தைப் பொறுத்தது; புவியீர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும். 4000 மீட்டர் ஆழக் கடலில் நொடிக்கு 198 மீட்டர். கரையோரம் 10 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 10 மீட்டர்கூட இல்லை. ஒரு கிலோமீட்டர் கட்டம் போட்டால் ஆழ்கடல் கேட்கும் காலப்படி 5 நொடிக்குச் சற்று மேல். கரையோரம் மட்டும் என்றால் 100 நொடி வரை போகலாம். ஆனால் கணக்கு முழுவதற்கும் ஒரே dt என்பதால் ஆழ்கடலின் 5 நொடிதான் சட்டம். அதிவேக இடம் ஒன்று எங்கோ ஒரு மூலையில் இருந்தாலும் அதுவே எல்லோருக்கும் படி அளக்கும். இரு பரிமாணப் பரப்பில் சதுரக் கட்டம் போட்டால் எல்லை இன்னும் இறுகும்: இதே சூத்திரத்தின் இரு பரிமாண வடிவத்துக்கு C ≤ 1/√2, அதாவது ஏறத்தாழ 0.7.

இந்த நிபந்தனையே இல்லாத முறைகளும் உண்டு. அவற்றில் ஒவ்வொரு படியிலும் எல்லாப் புள்ளிகளின் புதிய மதிப்புகளையும் ஒருசேரத் தீர்க்க வேண்டும். அதனால் கம்பியின் எந்த மூலையின் செய்தியும் ஒரே படியில் எல்லா இடத்துக்கும் எட்டிவிடும். வெடிப்பு இராது. ஆனால் படியை நீட்டினால் பொடி அலைகள் மோசமாகப் பின்தங்கும். அலையின் வடிவத்தையே பார்க்க விரும்புபவருக்கு அதில் பெரிய ஆதாயம் இல்லை. கம்பிக்கு நம் எளிய சூத்திரமே மேல் என்பது என் கருத்து.

நீங்கள் இதை ஓட்டிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒரு வேண்டுகோள். dt-க்கு நேரடியாக ஓர் எண்ணைத் தட்டச்சு செய்யாதீர்கள். C-யைத் தேர்ந்தெடுங்கள், dx-இலிருந்தும் மிகப் பெரிய வேகத்திலிருந்தும் dt-யை நிரலே கணக்கிட்டுக்கொள்ளட்டும். வேகம் மாறும் இடங்களில் C-யை 0.9 அளவில் வைத்து, சுற்றுக்கு முன்னால் `assert C <= 1` என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பிறகு புள்ளிகளை எத்தனை முறை மாற்றினாலும் படி தானாகவே பொருந்திக்கொள்ளும்.